ஆள் விடுபட்டதா, பதில் இடம் மாறியதா? தெரிவுச் சார்பையும் தகவல் சார்பையும் பிரித்தறியும் முறை

ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "இந்த ஆய்வில் தெரிவுச் சார்பும் நினைவுச் சார்பும் இருக்கக்கூடும்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடும் பழக்கம் உண்டு. வாசிப்பவருக்கு அந்த வரி எதையும் சொல்வதில்லை. முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு சாய்ந்தது, சாயாமல் இருந்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்ற மூன்றுக்கும் பதில் தேடும் வழி இருக்கிறது. நான்கு பெட்டி அட்டவணையும் கூட்டல் பெருக்கலும் போதும். கொழும்பில் நடக்கக்கூடிய ஒரே ஆய்வுக் கேள்வியை எடுத்து, அதை இரண்டு வழிகளில் செய்து பார்ப்போம். எண்கள் எல்லாம் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. நுளம்புச் சுருள் பற்றிய உண்மையான ஆய்வு முடிவாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி இது: கர்ப்ப காலத்தில் படுக்கையறையில் இரவில் நுளம்புச் சுருள் கொளுத்திய தாய்மாருக்கு, 2500 கிராமுக்குக் குறைந்த பிறப்பு நிறையுள்ள குழந்தை பிறப்பது கூடுதலா?

கணக்கு நமக்கு எதைக் காட்டுகிறது என்று விளங்க, உண்மை நிலவரத்தை முதலிலேயே தீர்மானித்து வைத்துக்கொள்வோம். சுருளுக்கும் நிறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே ஆய்வு எந்தத் தொடர்பைக் காட்டினாலும் அது சார்பு உண்டாக்கிய பொய்த் தொடர்பு.

முதல் படி: அட்டவணையில் தலைகளை எண்ணுங்கள்

எந்த ஆய்வானாலும் கடைசியில் நான்கு பெட்டிகளுக்குள் வந்துவிடும். சுருள் கொளுத்தியவர், கொளுத்தாதவர் என்று இரண்டு வரிசை. நிறை குறைந்த குழந்தை, சரியான நிறையுள்ள குழந்தை என்று இரண்டு நிரல். இரண்டு சார்புகளும் இந்த அட்டவணையில் செய்யும் வேலை வேறு வேறு.

தெரிவுச் சார்பில் ஆட்கள் அட்டவணைக்கு வெளியே நிற்கிறார்கள். வந்திருக்க வேண்டியவர் வரவில்லை, அல்லது வந்தவர் இடையில் போய்விட்டார். மொத்தம் குறைகிறது. தகவல் சார்பில் எல்லோரும் அட்டவணைக்குள்தான் இருக்கிறார்கள், ஆனால் சிலர் தவறான பெட்டியில் இருக்கிறார்கள். மொத்தம் மாறுவதில்லை.

ஆகவே உங்கள் ஆய்வில் ஏதோ பிழை என்று தோன்றினால் முதலில் கேட்க வேண்டியது: இங்கே ஆள் இல்லையா, அல்லது ஆள் இருந்தும் அவரைப் பற்றிய தகவல் பிழையா? கிளினிக்குக்கு வராமலே போன தாய் முதலாவது வகை. வந்து, "சுருள் பாவிக்கவில்லை" என்று மறந்துபோய்ச் சொன்ன தாய் இரண்டாவது வகை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாத தாயை நீங்கள் பகுப்பாய்விலிருந்து நீக்கினால் அவர் முதலாவது வகைக்குப் போகிறார். "தெரியாது" என்ற பதிலை "இல்லை" என்று குறியிட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டால் இரண்டாவது வகை. தரவுத்தாளைச் சுத்தம் செய்யும்போது நீங்கள் எடுக்கும் ஒரு சிறு தீர்மானமே சார்பின் வகையை மாற்றிவிடுகிறது.

இன்னொன்று. ஆட்கள் விடுபட்டாலே தெரிவுச் சார்பு வந்துவிடாது. பதில்கள் பிழைத்தாலே முடிவு ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடாது. நான்கு பெட்டிகளிலும் விடுபடும் வீதம், பிழைக்கும் வீதம் எப்படி வேறுபடுகின்றன என்பதில்தான் விடயம் இருக்கிறது.

இரண்டாம் படி: நினைவுச் சார்பைக் கணக்கில் பாருங்கள்

நினைவுச் சார்பு தகவல் சார்பின் ஒரு வகை: நினைவிலிருந்து சொல்லும் பதில் இரு குழுவிலும் வேறு வேறு அளவில் பிழைப்பது. முதல் வழியாக நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு. கொழும்பில் ஒரு மகப்பேற்று வைத்தியசாலையில், நிறை குறைந்த குழந்தை பெற்ற 200 தாய்மார், சரியான நிறையுள்ள குழந்தை பெற்ற 200 தாய்மார். பிரசவம் முடிந்து வார்டில் இருக்கும்போதே கேள்வி கேட்கிறோம். உண்மையில் இரண்டு பக்கத்திலும் 80 பேர் சுருள் கொளுத்தியவர்கள், 120 பேர் கொளுத்தாதவர்கள். ஒட்ஸ் விகிதம், அதாவது ஒரு பக்கத்தில் கொளுத்தியவர் எண்ணிக்கையைக் கொளுத்தாதவர் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபக்கத்தின் அதே எண்ணால் வகுத்தது, சரியாக 1: தொடர்பு இல்லை.

இப்போது கட்டிலருகே நடப்பதைப் பாருங்கள். 2100 கிராம் குழந்தையைப் பக்கத்தில் வைத்திருக்கும் தாய், நீங்கள் வருவதற்கு முன்பே ஒன்பது மாதத்தையும் மனதில் கிளறிக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டதும், "மிஸ், அந்தச் சுருள் புகையாலதானா பிள்ளை இப்பிடி?" என்று அவரே திருப்பிக் கேட்பார். இரண்டு கட்டில் தள்ளி, 3200 கிராம் குழந்தையோடு வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் தாய், "சுருளா? இல்லையெண்டு நினைக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் துணிகளை மடிக்கப் போய்விடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. தேடிய ஆழம்தான் வேறு.

இதை எண்ணாக்குவோம். நிறை குறைந்த குழந்தையின் தாய்மாரில், உண்மையில் சுருள் கொளுத்திய 80 பேரில் 95 வீதத்தினர் "ஆம்" என்கிறார்கள்: 76 பேர். மற்றப் பக்கத்தில் அதே 80 பேரில் 75 வீதத்தினர்தான் நினைவுபடுத்திச் சொல்கிறார்கள்: 60 பேர். இவ்வளவு வேறுபாட்டுக்கே ஒட்ஸ் விகிதம் 1.43 ஆகிவிடுகிறது.

மறதி பாதிக் கதைதான். காரணம் தேடும் மனம், நடக்காததையும் நடந்ததாகச் சேர்த்துக்கொள்ளும். ஓரிரு நாள் கூடத்தில் கொளுத்தியதைப் "பாவித்தோம்" என்று சொல்வார்கள். உண்மையில் கொளுத்தாத 120 பேரில், முதல் குழுவில் 10 வீதத்தினரும் (12 பேர்), இரண்டாவது குழுவில் 5 வீதத்தினரும் (6 பேர்) "ஆம்" என்றால், நம் கையில் கிடைக்கும் அட்டவணை இது:

| | நிறை குறைந்த குழந்தை | சரியான நிறைக் குழந்தை |
|---|---|---|
| "கொளுத்தினேன்" | 88 | 66 |
| "கொளுத்தவில்லை" | 112 | 134 |

ஒட்ஸ் விகிதம் (88 × 134) ÷ (66 × 112), அதாவது ஏறக்குறைய 1.60. 95 வீத நம்பிக்கை இடைவெளி 1.06 முதல் 2.39 வரை. இடைவெளி 1ஐத் தொடவில்லை. கணினி நட்சத்திரம் போட்டுக் காட்டும். இல்லாத தொடர்பு, புள்ளிவிவரப்படி "குறிப்பிடத்தக்கதாக" வந்துவிட்டது. 200 பேருக்குப் பதிலாக ஒவ்வொரு பக்கமும் 2000 பேரை எடுத்து, மற்றதெல்லாம் இதே வீதத்தில் நடந்தால், இடைவெளி 1.40 முதல் 1.81 வரை சுருங்கும். பெரிய ஆய்வு அதே பிழையை இன்னும் உறுதியாகச் சொல்லும், அவ்வளவுதான். மாதிரி அளவைக் கூட்டினால் தற்செயல் பிழை குறையும், சார்பு குறையாது.

இரண்டு குழுவும் ஒரே அளவில் மறந்தால் என்ன ஆகும்? அதற்கு உண்மையில் தொடர்பு இருக்கும் ஓர் உதாரணம் வேண்டும். முதல் குழுவில் 120 பேரும் இரண்டாவதில் 80 பேரும் உண்மையில் கொளுத்தியவர்கள் என்றால் ஒட்ஸ் விகிதம் 2.25. இரண்டு பக்கமும் 75 வீதத்தினர் மட்டும் சொன்னால் 90, 60 என்று வரும், விகிதம் 1.91 ஆக இறங்கும். ஆம்–இல்லை என்ற இரண்டே வகையுள்ள பதிலில், பிழை இரு குழுவிலும் ஒரே அளவாகவும் மற்றப் பிழைகளோடு சம்பந்தப்படாமலும் இருந்தால், முடிவு பொதுவாக 1ஐ நோக்கி இறங்கும். "தகவல் சார்பு இருந்தாலும் அது தொடர்பைக் குறைத்துத்தான் காட்டியிருக்கும்" என்று அறிக்கைகளில் சொல்வது இந்த நிலைக்கு மட்டும் பொருந்தும். நினைவுச் சார்பு இந்த வகை அல்ல. அது இரு குழுவிலும் வேறு வேறு அளவில் பிழைப்பது. அங்கே அந்த ஆறுதலைச் சொல்ல இடமில்லை.

மூன்றாம் படி: எவ்வளவு மறந்தார்கள் என்று அளந்து, திருப்பிக் கணக்கிடுங்கள்

குழந்தை பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு பதில் கிடைத்தால் நினைவைச் சோதிக்கலாம். தாய் வைத்திருக்கும் கர்ப்பகாலப் பதிவு அட்டையில் கிளினிக் விவரங்கள் நிறைய இருந்தாலும், சுருள் பற்றி அதில் இருக்காது. ஆகவே, வைத்தியசாலைக்கு ஆட்களை அனுப்பும் சில கிளினிக்குகளில், முதல் பதிவின்போதே இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வைக்கும் ஏற்பாடு வேண்டும். ஆய்வு தொடங்கக் குறைந்தது எட்டு மாதத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பின்னால் போய்ச் செய்ய முடியாது.

அப்படி எழுதி வைத்த பதில் உள்ள 100 தாய்மார் ஒவ்வொரு குழுவிலும் கிடைத்தார்கள் என்போம். நிறை குறைந்த குழந்தையின் தாய்மாரில், முன்பு "ஆம்" என்ற 40 பேரில் 38 பேர் இப்போதும் "ஆம்" என்கிறார்கள்; முன்பு "இல்லை" என்ற 60 பேரில் 6 பேர் இப்போது "ஆம்" என்கிறார்கள். உணர்திறன், அதாவது உண்மையில் கொளுத்தியவர்களில் "ஆம்" என்பவர்களின் பங்கு, 38/40 = 0.95. குறித்தன்மை, அதாவது உண்மையில் கொளுத்தாதவர்களில் "இல்லை" என்பவர்களின் பங்கு, 54/60 = 0.90. மற்றக் குழுவில் 30/40, 57/60: உணர்திறன் 0.75, குறித்தன்மை 0.95.

திருத்தும் சூத்திரம் ஒரு வரிதான். `a` என்பது "ஆம்" சொன்னவர் எண்ணிக்கை, `N` குழுவின் மொத்தம், `Se` உணர்திறன், `Sp` குறித்தன்மை, `A` உண்மையில் கொளுத்தியவர் எண்ணிக்கை:

```
A = (a − (1 − Sp) × N) / (Se + Sp − 1)
```

முதல் குழு: (88 − 0.10 × 200) ÷ 0.85 = 68 ÷ 0.85 = 80. இரண்டாவது குழு: (66 − 0.05 × 200) ÷ 0.70 = 56 ÷ 0.70 = 80. இரண்டு பக்கமும் 80க்குத் திரும்பிவிட்டது. ஒட்ஸ் விகிதம் மறுபடி 1.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். 0.75 என்பது வெறும் 40 பேரிடமிருந்து வந்த எண். அது 0.80 ஆக இருந்தால் திருத்திய விகிதம் 1.12, 0.70 ஆக இருந்தால் 0.88. அறிக்கையில் ஒரே எண்ணைத் தராமல் இந்த வீச்சைத் தாருங்கள். கணக்குப் போடும்போது `A` எதிர்மறையாகவோ `N`ஐ விடக் கூடுதலாகவோ வந்தால், நீங்கள் வைத்த உணர்திறனும் குறித்தன்மையும் உங்கள் தரவோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

முன்பே எழுதிய பதிலும் முழு உண்மை அல்ல என்பதை மறக்கக் கூடாது. எட்டாவது வாரத்தில் "இல்லை" என்ற தாய், தென்மேற்குப் பருவமழைக்குப் பின் டெங்கு கூடியதும் சுருள் வாங்கியிருக்கலாம். அப்போது அவர் பிரசவத்துக்குப் பின் சொல்லும் "ஆம்" சரியான பதில். அதை நினைவுப் பிழை என்று எண்ணினால் நீங்கள்தான் பிழை விடுகிறீர்கள். ஆகவே சரிபார்க்கும் கேள்வி ஒரே காலப்பகுதியைக் குறிக்க வேண்டும்: "முதல் இரண்டு மாதத்தில்" என்று இரண்டு இடத்திலும் வரையறுங்கள்.

நான்காம் படி: கேள்வித்தாளிலேயே தடுங்கள்

பின்னால் திருத்துவதை விட முன்னால் தடுப்பது மலிவு. "நுளம்புச் சுருள் பாவிச்சனீங்களா?" என்ற ஒற்றைக் கேள்வி, தாயின் மனம் எங்கே போகிறதோ அந்தப் பக்கம் பதிலை விட்டுவிடும். கேள்வியை உடைக்க வேண்டும். எந்த அறையில்? வாரத்தில் எத்தனை இரவு? நித்திரைக்குப் போகும் நேரம் எரிந்துகொண்டிருந்ததா? வலை கட்டினீர்களா, மின்சாரத்தில் செருகும் திரவம் வைத்தீர்களா? எல்லோருக்கும் இதே வரிசையில், இதே சொற்களில் கேட்க வேண்டும். சுருள் பெட்டிகளின் படங்களைக் காட்டலாம். மாதம் நினைவில்லாதவருக்குத் தைப்பொங்கல், வெசாக், நோன்பு, தீபாவளி என்று நாட்களை வைத்துக் கேளுங்கள்: "வெசாக்குக்கு வீட்டில கூடு கட்டின நேரம் உங்களுக்கு எத்தினை மாதம்?" என்று கேட்டால், காலம் ஓரளவுக்குச் சரியாக வந்து நிற்கும். சிங்களம், தமிழ் இரண்டிலும் கேள்வித்தாள் இருந்தால், ஒன்றில் மட்டும் விளக்கம் கூடிவிடாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேட்பவருக்கு எந்தத் தாய் எந்தக் குழு என்று தெரியாமல் இருப்பது நல்லது. கட்டிலருகில் குழந்தையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் வார்டில் அது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதனால்தான் வரிசையையும் சொற்களையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழுவிடம் இரண்டு தடவை துருவிக் கேட்டு, மற்றக் குழுவின் முதல் "இல்லை"யை அப்படியே எழுதிக்கொள்வதும் தகவல் சார்புதான். அது கேட்பவரால் வருவது. நேர்காணல் எத்தனை நிமிடம் எடுத்தது என்று ஒவ்வொரு தாளிலும் குறித்து வையுங்கள். இரு குழுவின் சராசரி நேரம் பெரிதாக வேறுபட்டால், துருவல் சமமாக நடக்கவில்லை என்று உடனே தெரியும்.

பயனுள்ள இன்னொரு உத்தி: பிறப்பு நிறையோடு சம்பந்தமே இருக்க முடியாத ஒரு விடயத்தையும் அதே பாணியில் கேளுங்கள். எந்த நிறத் தலையணை உறை, எந்த வகைச் சலவைச் சவர்க்காரக் கட்டி என்பது போல. நிறை குறைந்த குழந்தையின் தாய்மார் அதையும் கூடுதலாக "ஆம்" என்றால், அவர்கள் எல்லாவற்றையும் ஆழமாகத் தேடுகிறார்கள் என்பதற்கு அது சான்று.

ஒப்பீட்டாளராக, வேறு ஏதாவது சிக்கலோடு பிறந்த குழந்தையின் தாய்மாரை எடுத்தால் நினைவு சமமாகும் என்று ஒரு யோசனை உண்டு. மஞ்சள் காமாலைக்காக ஒளிச்சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் தாயும் காரணம் தேடிக்கொண்டுதான் இருப்பார், உண்மை. ஆனால் அந்தச் சிக்கலுக்கும் சுருள் புகைக்கும் ஏதாவது தொடர்பு இருந்தால், அல்லது அந்தத் தாய்மார் வேறொரு வட்டாரத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களாக இருந்தால், நினைவுச் சார்பை விரட்டித் தெரிவுச் சார்பை உள்ளே கூட்டி வந்ததாகிவிடும். ஒப்பீட்டாளருக்கான நிபந்தனை ஒன்றே: இந்தத் தாய்க்கு நிறை குறைந்த குழந்தை பிறந்திருந்தால், அவர் இதே ஆய்வில் நோயாளர் பக்கத்துக்கு வந்திருப்பாரா? கொழும்பின் பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகளுக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆபத்துள்ள கர்ப்பங்களை அனுப்புவார்கள். அப்படி வந்தவர்களை ஒரு பக்கம் வைத்து, வெள்ளவத்தையில் வீடு வீடாகத் தேடி எடுத்த தாய்மாரை மறுபக்கம் வைத்தால், ஒப்பிடுவது இரண்டு ஊர்களை. ஊருக்கு ஊர் சுருள் பாவனை மாறும். அந்த வேறுபாடு அட்டவணைக்குள் புகுந்துவிடும்.

ஐந்தாம் படி: விடுபடலைக் கணக்கில் பாருங்கள்

இனி இரண்டாவது வழி. பன்னிரண்டாவது வாரத்துக்கு முன் கிளினிக்கில் பதிந்த 600 கர்ப்பிணிகளை எடுத்து, சுருள் பாவனையை அப்போதே கேட்டு எழுதி, பிரசவம் வரை பின்தொடரும் கோஹோர்ட் ஆய்வு. நிறை தெரிவதற்கு முன்பே கேட்டுவிட்டதால் நினைவுச் சார்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதன் இடத்தில் விடுபடல் வருகிறது.

200 பேர் சுருள் கொளுத்துபவர்கள், 400 பேர் கொளுத்தாதவர்கள். உண்மையில் இரண்டு குழுவிலும் 15 வீதத்தினருக்கு நிறை குறைந்த குழந்தை: 30 பேர், 60 பேர். ஒரு குழுவின் வீதத்தை மற்றக் குழுவின் வீதத்தால் வகுத்தால் வரும் ஆபத்து விகிதம் 1.

இரு குழுவிலும் யாரென்று பாராமல் ஐந்தில் ஒருவர் விடுபட்டால், மீதி 160 பேரில் 24, 320 பேரில் 48. இரண்டும் 15 வீதம். சார்பு இல்லை. சுருள் குழுவில் 30 வீதமும் மற்றதில் 10 வீதமும் விடுபட்டு, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் நிறையைப் பொருட்படுத்தாமல் விடுபட்டிருந்தால், 140 பேரில் 21, 360 பேரில் 54. மறுபடி 15 வீதம். விடுபட்ட வீதம் மூன்று மடங்கு வேறுபட்டும் முடிவு அசையவில்லை. புதியவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத் தாங்களே ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. "இரு குழுவில் விடுபட்ட வீதம் வேறு, ஆகவே சார்பு" என்று அவசரப்பட்டு எழுதும் கை அதற்குப் பின் தயங்கும்.

சிக்கல் எப்போது? கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதி. ஜன்னலுக்கு வலை அடிக்க வீட்டுக்காரர் இணங்கவில்லை, ஆகவே இரவில் சுருள். முதல் பிரசவத்துக்கு ஏழாம் எட்டாம் மாதத்தில் தாய் வீட்டுக்கு, யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ பயணம். சொந்த வீட்டில் இருப்பவருக்குத் தாய் வீடும் கொழும்பிலேயே என்றால் இந்தப் பயணம் இல்லை. அதோடு, ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி குறைவு என்று தெரிந்த தாயை வைத்தியர் "பயணம் வேண்டாம், இங்கேயே பெறுங்கள்" என்று நிறுத்திவிடுவார். ஆகவே சுருள் குழுவிலிருந்து ஊருக்குப் போய் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல வளர்ச்சியுள்ள குழந்தையைச் சுமப்பவர்கள்.

எண்ணில்: சுருள் குழுவில் 60 பேர் விடுபடுகிறார்கள். அவர்களில் 3 பேருக்கு மட்டும் நிறை குறைந்த குழந்தை, 57 பேருக்குச் சரியான நிறை. மீதி 140 பேரில் 27, அதாவது 19.3 வீதம். மற்றக் குழுவில் 40 பேர் பொதுவாக விடுபட்டு, 360 பேரில் 54, அதாவது 15 வீதம். ஆபத்து விகிதம் 1.29. எல்லாத் தாய்மாரின் சுருள் விவரமும் சரி, எல்லாக் குழந்தையின் நிறையும் தராசில் சரியாக எடுத்தது. ஒரு பதில்கூடப் பிழை இல்லை. முடிவு பிழை.

விடுபட்ட வீதம் சமமாக இருப்பதும் பாதுகாப்பல்ல. இரு குழுவிலும் 20 வீதம் விடுபட்டு, சுருள் குழுவில் விடுபட்ட 40 பேரில் 2 பேருக்கும், மற்றதில் விடுபட்ட 80 பேரில் 20 பேருக்கும் நிறை குறைந்த குழந்தை என்றால், மீதி 28/160 = 17.5 வீதம், 40/320 = 12.5 வீதம். விகிதம் 1.4. "இரு குழுவிலும் விடுபடல் ஒரே அளவு, ஆகவே பிரச்சினை இல்லை" என்ற வரி இங்கே நொறுங்கிப்போகிறது.

ஆறாம் படி: விடுபட்டவர்களில் சிலரைத் தேடிப் பிடியுங்கள்

விடுபட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், முதலில் எல்லைகளைப் பாருங்கள். சுருள் குழுவில் விடுபட்ட 60 பேருக்கும் நிறை குறைந்த குழந்தை, மற்றக் குழுவில் விடுபட்ட 40 பேரில் ஒருவருக்கும் இல்லை என்று வைத்தால் 87/200, 54/400: விகிதம் 3.2. தலைகீழாக வைத்தால் 27/200, 94/400: விகிதம் 0.57. உண்மை இதற்குள் எங்கோ இருக்கிறது. இந்த வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதே, ஆறில் ஒரு பங்கு விடுபடல் எவ்வளவு பெரிய ஓட்டை என்று காட்டும்.

அதன்பின் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, விடுபட்டவர்களின் பட்டியலிலிருந்து எழுமாறாகச் சிலரைத் தெரிந்து, அவர்களை மட்டும் விடாமல் தேடுவது. 100 பேரையும் அரைகுறையாகத் தேடி, இலகுவில் அகப்பட்ட 40 பேரைச் சேர்ப்பதை விட, எழுமாறாக எடுத்த 40 பேரை முழுவதும் தேடிப் பிடிப்பது மேல். இலகுவில் அகப்படுபவர்கள் விடுபட்டவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்த மாட்டார்கள். அங்கே இன்னொரு தெரிவுச் சார்பு நுழைந்துவிடும்.

சுருள் குழுவின் 60 பேரில் 20 பேரும், மற்றக் குழுவின் 40 பேரில் 20 பேரும் எடுத்தோம். முதலாவதில் ஒரு நிறை குறைந்த குழந்தை, இரண்டாவதில் மூன்று. முதலாவதில் ஒருவர் மூன்று பேருக்காக நிற்கிறார், ஆகவே 60 பேரில் 3. இரண்டாவதில் ஒருவர் இருவருக்காக, ஆகவே 40 பேரில் 6. சேர்த்தால் 30/200, 60/400. இரண்டும் 15 வீதம், விகிதம் 1. ஆனால் முதலாவதில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கிடைத்திருந்தால் 33/200, விகிதம் 1.1. சிறு மாதிரியின் தளம்பல் இது; நம்பிக்கை இடைவெளியில் இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேடிப் பிடிப்பது முதல் நாளிலேயே தொடங்கும் வேலை. பதியும்போது ஒரு தொலைபேசி இலக்கம் போதாது. தாயின் இலக்கம், கணவரின் இலக்கம், தாய் வீட்டு இலக்கம் என்று மூன்று. எங்கே பிரசவம் பார்க்க எண்ணம் என்ற கேள்வியை அப்போதே கேளுங்கள். ஊருக்குப் போகிறவர் யாரென்று ஐந்து மாதம் முன்பே தெரிந்துவிடும். வட்டாரக் குடும்பநல உத்தியோகத்தரின் பெயரைக் குறித்து, அவரோடு பேச உரிய அனுமதியை எடுத்து வையுங்கள். தாய் வீட்டுக்கும் அழைப்போம் என்பதைச் சம்மதப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த இலக்கத்துக்கு அழைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அழைப்பை இப்படித் தொடங்கலாம்: "வணக்கம் அம்மா, கொழும்பு கிளினிக்கில மகளைப் பதிஞ்ச ஆய்வுக் குழுவிலயிருந்து கதைக்கிறம். மகள் சுகமா?" பிள்ளையும் சுகம் என்று பதிலில் தெரிந்த பிறகே: "பிள்ளையின்ர கொப்பியில பிறந்த நேரத்து நிறை எழுதியிருக்கும், மகளிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களா?" குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பிறப்பு நிறை இருக்கும். அதைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். "ரெண்டரைக் கிலோ கிட்ட இருந்திச்சு" என்று அம்மம்மா நினைவிலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டால், 2480 கிராம் 2500 ஆகி மற்றப் பெட்டிக்குப் போய்விடும். தெரிவுச் சார்பைச் சரிசெய்யப் போய், தொலைபேசியில் தகவல் சார்பை வாங்கி வந்ததாகும். அதுவும் விடுபட்டவர்களுக்கு மட்டும் நினைவு, மற்றவர்களுக்குத் தராசு என்று அளவுகோல் இரண்டாகிவிடும். முடிவு பற்றிய அழைப்பை எடுப்பவருக்கு, அந்தத் தாய் சுருள் குழுவா இல்லையா என்று சொல்லாமல் விடுங்கள். இங்கே அது இலகுவாக முடியும்.

அழைத்தவுடன் குழந்தையைப் பற்றிய கேள்விக்குப் போக வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கர்ப்பம் கலைந்தோ குழந்தை இறந்தோ இருக்கலாம். அப்படியான விடுபடலும் ஒரு முடிவுதான். அதைத் தனியாகக் குறியிடுங்கள், "தொடர்பு கிடைக்கவில்லை" என்ற குவியலில் போடாதீர்கள்.

ஏழாம் படி: அறிக்கையில் எழுதும் விதம்

எத்தனை பேர் பதிந்தார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர், எந்தக் காரணத்தால் விடுபட்டார்கள் என்பதைச் சுருள் குழு, மற்றக் குழு என்று பிரித்து வரைபடமாகப் போடுங்கள். விடுபட்டவர்களின் வயது, எத்தனையாவது பிரசவம், வாடகை வீடா சொந்த வீடா, பிரசவத்துக்கு எண்ணிய இடம் ஆகியவற்றை எஞ்சியவர்களோடு பக்கத்துப் பக்கம் வைத்து ஓர் அட்டவணை. அதன்பின் சார்பைப் பற்றிய வரி. "விடுபடல் முடிவைப் பாதித்திருக்கலாம்" என்பதற்குப் பதிலாக இப்படி:

"சுருள் குழுவில் 30 வீதமும் மற்றக் குழுவில் 10 வீதமும் விடுபட்டன. விடுபட்ட சுருள் குழுத் தாய்மாரில் பெரும்பாலோர் பிரசவத்துக்காகக் கொழும்பை விட்டுச் சென்றவர்கள். வளர்ச்சி குறைந்த கர்ப்பங்கள் கொழும்பிலேயே பராமரிக்கப்பட்டதால், 1.29 என்ற விகிதம் உண்மையை விடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. எழுமாறாகத் தேடிய 40 பேரின் விவரங்களைச் சேர்த்தபோது விகிதம் 1.0 ஆனது, சுருள் குழுவில் தேடியவர்களில் மேலும் ஒருவருக்கு நிறை குறைந்த குழந்தை பிறந்திருந்தாலும் அது 1.1ஐத் தாண்டாது."